குரூப் போட்டோவில் ஒருவர் மட்டும் கண் மூடியிருந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

அறுபதாம் கல்யாணம் ஒன்றுக்குப் படம் எடுத்திருந்தேன். மேடையில் 14 பேர், இரண்டு வரிசை. முன்வரிசை நடுவில் நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா, 82 வயதுப் பாட்டி. நான்கு பிரேம் எடுத்தேன். இரண்டாவது பிரேமில் 13 பேரும் அருமையாக இருந்தார்கள், பாட்டி மட்டும் கண் மூடியிருந்தார். மூன்றாவதில் பாட்டியின் கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை மடியில் இருந்த கொள்ளுப்பேரன் மேல். மற்ற இரண்டில் வேறு வேறு பேர் இமைத்துவிட்டார்கள்.

நான்கு பிரேம் போதாதுதான். இத்தனை பேருக்கு இத்தனை பிரேம் எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் இருந்த பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் கணக்கே போட்டுக் காட்டினார்கள். 2006-இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், வெளிச்சம் குறைவாக இருந்தால் இரண்டால். அப்படிப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் 14 பேருக்கு ஏழு பிரேம். எடுக்காமல் விட்டது என் தப்பு. எடுத்த படத்தை எப்படிச் சரிசெய்தேன், வழியில் என்னென்ன கெட்டது, ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எழுதுகிறேன். இங்கே பேசுவது, மூடிய கண் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, எப்படிப்பட்ட கண் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஏஐ கருவியை வரையச் சொல்லும் முறை. போட்டோஷாப்பின் Generative Fill, ஸ்டேபிள் டிஃப்யூஷனின் Inpaint, எழுதிச் சொன்னால் படத்தை மாற்றித் தரும் உரையாடல் வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்று. அதே ஆள், அதே வெளிச்சம், அதே பக்கம் பார்க்கும் திறந்த கண் வேறொரு பிரேமில் இருந்தால் எதையும் விவரிக்க வேண்டாம். அந்தக் கண்ணை வெட்டி ஒட்டுங்கள். அது அவருடைய சொந்தக் கண். பார்வை வேறு பக்கம் இருந்தாலோ தலை சாய்ந்திருந்தாலோ மட்டும் கீழே உள்ளதற்கு வாருங்கள். அப்போதும் அந்தப் பிரேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது தேவைப்படும்.

அறிகுறி: கண் கலங்கலாக, மை சிந்தியது போல வருகிறது

முதலில் எல்லோருக்கும் வருவது இதுதான். காரணம் விவரிப்பில் இல்லை, பிக்சலில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. என் படம் 6000 பிக்சல் அகலம். அதில் அடங்கிய மேடையின் அகலம் சுமார் 5 மீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 1.2 பிக்சல். பெரியவர்களின் கருவிழி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், இது ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. ஆக, பாட்டியின் கருவிழி என் படத்தில் 14 பிக்சல். கண்ணின் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுமார் 36 பிக்சல். இதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது கருவிழி நான்கு பிக்சல்தான். அந்த நான்கு பிக்சலில் எந்தக் கருவியாலும் கண் வரைய முடியாது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை படத்தை நேரடியாகப் பிக்சலில் வரைவதும் இல்லை. எட்டுக்கு எட்டுப் பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களில்தான் வேலை செய்கின்றன. 36 பிக்சல் கண் என்றால் அகலத்தில் நான்கரைக் கட்டம். அதற்குள் இமை, கருவிழி, வெண்விழி, ஒளிப்புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். கலங்கித்தான் போகும்.

இதற்கு மருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவது. பாட்டியின் முகத்தைச் சுற்றி 400×400 பிக்சல் சதுரம் வெட்டினேன். நெற்றியிலிருந்து கழுத்து வரை வந்தது, பக்கத்தில் இருப்பவர்களின் தோள் கொஞ்சம் வந்தது, அது போதும். அதை 1024×1024 ஆகப் பெரிதாக்கினேன். இப்போது கண் 92 பிக்சல், கருவிழி 36. வேலை முடிந்ததும் திரும்பச் சுருக்கி அதே இடத்தில் ஒட்டினால் சரி. ஒட்டும்போது ஒரு பிக்சல்கூட நகரக்கூடாது என்பதால், வெட்டும் முன் அந்தச் சதுரத் தேர்வை Select > Save Selection கொடுத்துச் சேமித்துவிடுவேன். பிறகு அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஒட்டினால், போட்டோஷாப் அந்தத் தேர்வின் நடுவிலேயே ஒட்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனை AUTOMATIC1111 என்ற இடைமுகத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த வெட்டிப் பெரிதாக்கும் வேலையைக் கருவியே செய்துகொடுக்கும். Inpaint area என்ற இடத்தில் Only masked என்று வையுங்கள். Whole picture என்று இருந்தால் மேலே சொன்ன கலங்கல் வந்தே தீரும்.

வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கவே கிடைக்காது என்றால் வேலை தொடங்கும் முன்பே, பெரிய பிரிண்டுக்கு இது தாங்காது என்று சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி: கண் அழகாக இருக்கிறது, ஆனால் ஆள் வேறு

நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். முதல் தடவை இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்:

```
open eyes
```

வந்த கண்ணில் ஒரு குறையும் இல்லை. தெளிவான இமை மடிப்பு, பளிச்சென்ற கருவிழி, வரிசையான இமை முடி. படத்தைப் பேத்திக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "அண்ணா, நல்லாதான் இருக்கு. ஆனா இது எங்க பாட்டி இல்லையே. யாரோ சின்ன வயசுக்காரங்க கண்ணை வெச்ச மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. கருவிக்குப் பாட்டியைத் தெரியாது. கண் மூடியிருக்கும் படத்தில் அவருடைய கண் எப்படி என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. எதுவும் சொல்லாமல் விட்டால், அது எங்கெங்கோ பார்த்த கண்களின் பொதுவான ஒன்றைக் கொடுக்கும். அந்தப் பொதுக் கண் பெரும்பாலும் இளமையானது, இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் பிரையன் டோல்ஹான்ஸ்கியும் கிறிஸ்டியன் கான்டன் ஃபெரரும் மூடிய கண்ணைத் திறக்கும் முறை பற்றி 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் மையமே, அதே ஆளின் கண் திறந்த இன்னொரு படத்தை மாதிரியாகக் கொடுப்பதுதான். போட்டோஷாப் எலமென்ட்ஸில் இருக்கும் Open Closed Eyes வசதியும் இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைக்கும் வழிதான். மாதிரி இல்லாமல் யாருடைய கண்ணையும் ஊகிக்க முடியாது.

ஆகவே மூன்றாவது பிரேமைத் திறந்து, பாட்டியின் கண்ணை 300 சதவீதம் பெரிதாக்கி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். மேல் இமை கனத்துத் தொங்கி, இமை மடிப்பை மறைக்கிறது. படத்தின் வலது பக்கக் கண்ணின் இமை மற்றதைவிடச் சற்று இறங்கியிருக்கிறது. கருவிழி அடர் பழுப்பு, அதன் ஓரத்தில் மங்கலான சாம்பல் வளையம். இந்த வளையம் வயதானவர்கள் பலருக்கு வரும், நோய் என்று பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அது இல்லாவிட்டால் கண் இளமையாகிவிடும். இமை முடி அரிது, கண்ணுக்கே தெரியவில்லை. மை இல்லை. வெண்விழி லேசாக மஞ்சள் படிந்தது.

இதையெல்லாம் சேர்த்து எழுதியது:

```
elderly woman's natural open eyes, heavy hooded upper lids,
the lid on the right side of the picture slightly lower,
dark brown irises with a faint grey rim, sparse lashes,
slightly yellowish dull whites, looking at the camera
```

இதில் ஒரு வரியைக் கவனியுங்கள். "இடது கண்" என்று மட்டும் எழுதினால், அது ஆளின் இடதா, படத்தின் இடதா என்று குழம்பும். எப்போதும் படத்தின் பக்கத்தைச் சொல்லியே எழுதுங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் விவரிப்பு அளவுக்கு முக்கியம். முதல் தடவை லாசோவால் புருவத்தையும் சேர்த்து வளைத்திருந்தேன். புருவம் மாறினால் வீட்டுக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாவிட்டாலும். புருவத்துக்குக் கீழே தொடங்கி, கீழ் இமைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். கண்ணுக்கு அடியில் இருக்கும் பையும் ஓரத்துச் சுருக்கமும் அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் மூடிய மேல் இமையின் பரப்பு முழுவதும் தேர்வுக்குள் இருக்க வேண்டும். அது வெளியே நின்றுவிட்டால், மூடிய இமைக்குக் கீழே ஒரு திறந்த கண் வந்து முகம் விகாரமாகிவிடும்.

உரையாடல் வகைக் கருவி என்றால் இரண்டு படத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். முதல் படம் திருத்த வேண்டியது, இரண்டாவது படம் கண்ணுக்கு மாதிரி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் மாதிரிப் படத்தின் பார்வைத் திசையையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். என் படத்தில் பாட்டி மறுபடியும் மடியைப் பார்த்தார். "looking at the camera" என்பதைத் தனி வரியாக எழுதிய பிறகுதான் நேராகப் பார்த்தார்.

அறிகுறி: திடுக்கிட்டது போல விழிக்கிறார்

விவரிப்பில் "wide open" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலரும் கண் நன்றாகத் திறக்கட்டும் என்று அதை எழுதிவிடுகிறார்கள். இயல்பாகத் திறந்த கண்ணில் கருவிழி முழு வட்டமாகத் தெரியாது. மேல் இமை அதன் உச்சியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும், கீழ் இமை கருவிழியின் அடியைத் தொட்டு நிற்கும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அது பயந்த கண். பெரிதாக்கிய முகத்தில் கருவிழி 36 பிக்சல் என்றேன். அதன் உச்சியில் மூன்று முதல் ஆறு பிக்சல் வரை இமைக்குள் மறைந்திருக்க வேண்டும். அளந்தே பார்த்துவிடலாம்.

இன்னொரு காரணம் சிரிப்பு. மனதாரச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, கன்னம் மேலேறி, கீழ் இமை உயரும், கண் இடுங்கும். பாட்டி அந்தப் பிரேமில் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் சிரிக்க, கண் மட்டும் அகலத் திறந்திருந்தால், எதிரே பாம்பைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது போல இருக்கும். வாயைப் பார்த்துத்தான் கண்ணை விவரிக்க வேண்டும். நான் சேர்த்தது:

```
relaxed, slightly narrowed by a gentle smile, raised lower lids
```

வாய்விட்டுச் சிரிக்கும் ஆளாக இருந்தால் இன்னும் இடுக்கலாம். அப்படிப்பட்டவரின் கண் கிட்டத்தட்ட மூடியே இருப்பதும் உண்டு. அது இமைத்தது இல்லை, அவர் சிரிக்கும் விதமே அதுதான். வேறு படங்களிலும் அப்படியே இருந்தால் கைவைக்காதீர்கள்.

அறிகுறி: கண் திறக்கவே இல்லை, அல்லது அரைத்தூக்கம்

"not closed", "no blinking" என்று எழுதியிருப்பீர்கள். இந்தக் கருவிகள் பலவும் இல்லை என்ற சொல்லைவிட, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லையே பிடித்துக்கொள்ளும். closed என்று வந்தாலே மூடிய கண் பக்கம் சாயும். வேண்டாததைச் சொல்லாமல், வேண்டியதை மட்டும் எழுதுங்கள்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனில் Denoising strength என்ற அளவும் காரணமாக இருக்கலாம். பழைய படத்தை எவ்வளவு தூரம் மறக்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. 0.3 என்றால் மூடிய இமை அப்படியே நிற்கும், 0.9 என்றால் முகத்தோடு ஒட்டாத கண் வரும். Masked content என்பதை original என்று வைத்துக்கொண்டு 0.55-இல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என் வழக்கம்.

அறிகுறி: இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக வரையச் சொன்னால் இப்படி ஆகும். ஒன்றுக்கு மற்றொன்று எங்கே பார்க்கிறது என்று தெரியாது. இரண்டு கண்ணையும், நடுவில் மூக்குத்தண்டையும் சேர்த்து, மூக்குக்கண்ணாடி வடிவத்தில் ஒரே தேர்வாக எடுங்கள். கண் வந்த பிறகு, லேயரின் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகை கொண்டு மூக்குத்தண்டை அழித்து, பழைய மூக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

பார்வை சரியா என்று பார்க்க ஒளிப்புள்ளி உதவும். என் விளக்கு மேடைக்கு இடதுபுறம் உயரத்தில் இருந்தது. அதனால் பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணில் எல்லாம் சின்ன வெள்ளைப் புள்ளி, கடிகாரத்தில் பத்து மணி முள் நிற்கும் இடத்தில் இருந்தது. பாட்டியின் புதிய கண்ணில் ஒன்றில் பத்து மணி, மற்றதில் இரண்டு மணி. பார்ப்பவர் யாரும் மணிக்கணக்கு பார்க்க மாட்டார்கள், ஆனால் லேசான மாறுகண் போல ஓர் உணர்வு வரும். தப்பான புள்ளியை அழித்து, சரியான இடத்தில் ஓரிரு பிக்சலில் கையாலேயே வைத்தேன். இதற்காக மறுபடி வரையச் சொல்ல வேண்டியதில்லை.

பிறவியிலேயே மாறுகண் உள்ளவர் என்றால் இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அவருடைய பழைய படத்தில் எப்படியோ அப்படித்தான் இங்கும் வர வேண்டும்.

அறிகுறி: வேறொருவர் கண் திறந்துவிட்டது, அல்லது எல்லோர் முகமும் கொஞ்சம் மாறிவிட்டது

முழு குரூப் படத்தையும் உரையாடல் வகைக் கருவிக்குக் கொடுத்து, "முன்வரிசையில் இடமிருந்து நான்காவது பாட்டி" என்று சொன்னால் வருவது இது. இந்தக் கருவிகள் வரிசையில் ஆட்களை எண்ணுவதில் தடுமாறும். பச்சைப் புடவை என்று சொன்னாலும் அந்தப் படத்தில் மூன்று பச்சைப் புடவை இருக்கும்.

அதைவிட ஆபத்து, படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் இவை திரும்ப வரைந்து தருவதுதான். பாட்டியின் கண் திறந்திருக்கும், பின்வரிசையில் சித்தப்பாவின் மூக்கு கொஞ்சம் மெலிந்திருக்கும். பார்த்ததும் தெரியாது. அளவும் சுருங்கி வரும். 6000 பிக்சல் படத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்ததை Image Size-இல் பாருங்கள், பெரும்பாலும் ஓரிரு ஆயிரத்துக்குள் இருக்கும்.

எனவே முழுப் படத்தைக் கொடுக்கவே கூடாது. வெட்டிய 400 பிக்சல் முகத்தை மட்டும் கொடுத்தால், யாருடைய கண் என்ற கேள்வியே எழாது. முகம் மட்டும் கொடுத்தாலும் அந்த முகத்தின் சுருக்கத்தை நீவிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அதனால் திரும்ப வந்ததில் கண் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு எடுத்து, மீதியைத் தூக்கிப் போடுங்கள்.

மாறியது கண் மட்டும்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. திருத்திய முழுப் படத்தை மூலப் படத்தின் மேல் லேயராக வைத்து, பிளெண்ட் மோடை Difference ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். கறுப்புத் திரையில் இரண்டு சின்னக் கண் மட்டும் மின்ன வேண்டும். வேறு எங்காவது சாம்பல் நிழல் தெரிந்தால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது. படத்தைக் கொடுக்கும் முன் இதைச் செய்யாமல் நான் அனுப்புவதில்லை.

அறிகுறி: கண்ணாடி ஃபிரேம் வளைந்துவிட்டது

பாட்டிக்குக் கண்ணாடி இல்லை. ஆனால் கண்ணாடி போட்டவர்கள்தான் இந்த வேலையில் கடினம். தேர்வு ஃபிரேமைத் தொட்டால் கருவி ஃபிரேமையும் புதிதாக வரையும், ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். லென்ஸுக்கு உள்ளே, ஃபிரேமிலிருந்து இரண்டு மூன்று பிக்சல் தள்ளித் தேர்ந்தெடுங்கள். அப்படியும் முடியாதபடி இமை ஃபிரேமோடு ஒட்டியிருந்தால், முதலில் மூலப் படத்திலிருந்து ஃபிரேமை மட்டும் தனி லேயராக வெட்டி மேலே வைத்துக்கொள்ளுங்கள். கீழே கருவி எதை வரைந்தாலும் மேலே உண்மையான ஃபிரேம் நிற்கும். லென்ஸில் விளக்கு பிரதிபலித்திருந்தால் அதையும் அதே லேயரில் சேர்த்துவிடுங்கள். பிரதிபலிப்பு காணாமல் போனால் கண்ணாடியே கழன்றது போல ஆகிவிடும். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகவும், வெள்ளெழுத்துக் கண்ணாடி பெரிதாகவும் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான அளவு அவருடைய பழைய படத்தில்தான் கிடைக்கும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் ஒட்டுப்போட்டது தெரிகிறது

புதிய கண் மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருப்பதால் வருவது. மண்டபத்தின் குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் இருக்கும். பெரிதாக்கி வரைந்து சுருக்கிய கண்ணில் அது இருக்காது. Filter > Noise > Add Noise போய், Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து, இரண்டு மூன்று சதவீதம் கொடுத்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது பக்கத்தில் நிற்பவரின் கண்ணோடு, அதுவும் 200 சதவீதத்தில். உங்கள் மனதில் இருக்கும் நல்ல கண்ணோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்துக் கண் கொஞ்சம் மங்கலாக இருந்தால் இதுவும் அதே அளவு மங்க வேண்டும். அரைப் பிக்சல் Gaussian Blur போதும்.

அடுத்து வெண்விழி. பெயரில்தான் வெண்மை. மேல் இமையின் நிழல் விழுவதால் படத்தில் அது சாம்பல் நிறம். கருவிகள் அதைப் பளீரென்று கொடுக்கும். எனக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. மாப்பிள்ளை கட்டியிருக்கும் பட்டு வேட்டியின் வெளிச்சம் பட்ட இடத்தைவிடக் கண்ணின் வெள்ளை வெளிச்சமாக இருந்தால் தப்பு. ஐட்ராப்பரால் இரண்டையும் தொட்டு எண்ணைப் பாருங்கள். Curves-இல் கொஞ்சம் இறக்கினால் கண் முகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இந்த அளவுக்குப் போன பிறகு நிறுத்தத் தெரிய வேண்டும். இந்தப் படம் 12×18 அங்குலத் தாளில் பிரிண்ட் ஆகப் போகிறது. 6000 பிக்சல் 18 அங்குலத்தில் பரவினால், பாட்டியின் கருவிழி தாளில் ஒரு மில்லிமீட்டர். இமை முடி ஒன்றிரண்டு முன்பின்னாக இருப்பது அங்கே தெரியாது. விழித்த பார்வை, மாறுகண், பளிச்சென்ற வெள்ளை, இந்த மூன்றும்தான் அந்த ஒரு மில்லிமீட்டரிலும் தெரியும்.

சரிசெய்யக் கூடாதவை

பாஸ்போர்ட், அடையாள அட்டைப் படங்களில் இதைச் செய்யாதீர்கள், அங்கே முகத்தைத் திருத்தக் கூடாது, மறுபடி எடுப்பதுதான் வழி. பார்வை இல்லாதவர், ஒரு கண் இமை விழுந்தவர், சாமி கும்பிட்டுக் கண் மூடியிருப்பவர் என்று படத்தில் யாராவது இருந்தால், அது குறையா இல்லையா என்று நாம் முடிவுசெய்யக் கூடாது, கேளுங்கள். ஒருமுறை தீபாராதனை நேரத்தில் எடுத்த படத்தில் ஒரு பெரியவர் கண் மூடியிருந்தார். திருத்தட்டுமா என்று கேட்டதற்கு மகன், "அப்பா அப்படித்தான் நிப்பாரு சார், விட்டுருங்க" என்றார்.

பாட்டியின் படத்தை மூன்றாவது தடவை பேத்திக்கு அனுப்பினேன். கூடவே மூலப் படத்தையும், கண்ணை ஏஐ கருவி கொண்டு வரைந்திருக்கிறேன் என்ற செய்தியையும் அனுப்பினேன். ஆல்பத்தில் எது போக வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சாயங்காலம் கூப்பிட்டார். "பாட்டிகிட்டயே காட்டினேன் அண்ணா. ரொம்ப நேரம் பார்த்துட்டு, இந்தக் கண்ணு எப்பவுமே கொஞ்சம் சொருகித்தான் இருக்கும்னு சொன்னாங்க. இதையே போட்டுருங்க."

12×18-இல் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். மூலப் படத்தையும் மூன்றாவது பிரேமையும் அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.